கத்தரியை விடாத விரல்

சித்தப்பா தையல்காரர். கும்பகோணத்தில் சின்னக் கடை, இரண்டு மிஷின், ஒரு வெட்டும் மேசை. 61 வயதில் இன்னமும் துணி வெட்டுவது அவர்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை, கோட்டுத் துணி ஒன்றை வெட்டி முடித்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைக்கப் போனார். கத்தரி கையை விட்டு இறங்கவில்லை. மோதிர விரல் வளையத்துக்குள் மடங்கியபடியே நின்றுவிட்டது. இடது கையால் அந்த விரலைப் பிடித்து இழுத்தார். ‘டக்’கென்று ஒரு சொடுக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரல் நீண்டது.

அதன் பிறகு தினமும் காலையில் இதுதான் கதை. தூங்கி எழுந்தால் விரல் மடங்கியிருக்கும்; வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, பிடித்து இழுத்தால் சொடுக்கிக்கொண்டு நீளும். பத்து மணிக்கு மேல் பரவாயில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: “நரம்பு இழுத்துக்கிச்சு.” பிண்டத் தைலம் தடவினார், கோதுமைத் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தார். இரண்டு மாதம் போய்விட்டது.

இந்த ‘நரம்பு’ என்ற சொல் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பையும் நரம்பு என்கிறோம், விரலை இழுக்கும் தசைநாணையும் நரம்பு என்கிறோம், புறங்கையில் புடைத்துத் தெரியும் ரத்தக் குழாயும் பேச்சில் நரம்புதான். ஆகவே விரல் மடங்கிக்கொண்டால் எதுவானாலும் நரம்புக் கோளாறாகிவிடுகிறது. தஞ்சாவூரில் கை சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவரிடம் நான்தான் அவரை அழைத்துப் போனேன். அங்கே போன பிறகுதான் அவருடைய இரண்டு கைகளிலும் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருப்பது தெரிந்தது. ஒன்றில் அவருக்கு வலி. இன்னொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

“ஐயா, ரெண்டு கையையும் திருப்பி மேசை மேல வைங்க” என்றார் அந்த அம்மா. வலது கையைக் காட்டத்தான் போயிருந்தோம். அவர் பார்வை இடது கையில் நின்றது.

“இந்தக் குழி எத்தனை நாளா இருக்கு?”

இடது உள்ளங்கையில், மோதிர விரலுக்கு நேர் கீழே, ரேகையை ஒட்டித் தோல் ஒரு புள்ளியில் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, தலையணையில் பட்டன் வைத்துத் தைத்தது போல. அதன் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கெட்டியான முடிச்சு. சித்தப்பா ஊசி பிடித்துக் காய்த்துப்போனது என்று நினைத்திருந்தார். வலது உள்ளங்கையிலும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் எனக்குத் தெரிந்தன.

மருத்துவர் வலது கை முடிச்சின் மேல் தன் கட்டைவிரலை லேசாக வைத்துக்கொண்டு, “விரலை மெல்ல மடக்கி நீட்டுங்க” என்றார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். சித்தப்பா விரலை மடக்கும்போது, தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று மணிக்கட்டுப் பக்கமாக வழுக்கிப் போனது. நீட்டும்போது ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்று, சொடுக்கித் தாண்டியது. அதைத் தொட்டதுமே சித்தப்பா முகம் சுளித்தார். இடது கை முடிச்சை அதே மாதிரி பிடித்துப் பார்த்தேன். விரல் அசைந்தது, முடிச்சு அசையவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அழுத்தினாலும் அவருக்கு வலிக்கவில்லை.

இரண்டையும் பிரிக்க மருத்துவர் செய்தது இவ்வளவுதான். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. விரலோடு சேர்ந்து நகரும் முடிச்சு தசைநாணில் இருக்கிறது. நகராத முடிச்சு தோலுக்கும் தசைநாணுக்கும் நடுவில் உள்ள சவ்வில் இருக்கிறது. முதலாவது ‘ட்ரிக்கர் ஃபிங்கர்’, துப்பாக்கி விசையைப் போலச் சொடுக்குவதால் வந்த பெயர். இரண்டாவதுக்கு டூப்யூட்ரன் சுருக்கம் என்று பெயர்.

வலது கையை முதலில் எடுத்துக்கொள்வோம். விரலை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல வந்து, உள்ளங்கையைக் கடந்து விரல் நுனிவரை போகின்றன. இழுக்கும்போது கயிறு எலும்பை விட்டு எழும்பிவிடாமலிருக்க, வழியில் ஆங்காங்கே வளையங்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. தூண்டில் கழியில் நரம்பு போக வளையங்கள் இருக்குமே, அதே ஏற்பாடு. மருத்துவர்கள் இவற்றை ‘புல்லி’ என்கிறார்கள். முதல் புல்லி உள்ளங்கையில், விரல் தொடங்கும் மூட்டுக்கு நேராக இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் இங்கேதான். புல்லியின் சுவர் தடிக்கிறது. அதற்குள் போய்வரும் தசைநாண் உரசி உரசி ஓரிடத்தில் உருண்டு வீங்குகிறது. அந்த உருண்டையை 1850இல் அல்ஃபோன்ஸ் நோட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தார். இன்றும் அதற்கு நோட்டா முடிச்சு என்று பெயர்.

மடக்கும் தசைக்குப் பலம் அதிகம். முடிச்சை எப்படியோ வளையத்துக்குள் இழுத்துப் போட்டுவிடும். நீட்டும் தசை அவ்வளவு பலமில்லாதது, திரும்பக் கொண்டுவர அதனால் முடிவதில்லை. விரல் மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம். ராத்திரி கை அசையாமல் கிடக்கும்போது வீக்கம் சேர்ந்துவிடுவதால் காலையில் மோசமாக இருக்கும். இதில் நோயாளிகளே குழம்பும் விஷயம் ஒன்று உண்டு. சித்தப்பா வலி என்று காட்டியது விரலின் நடு மூட்டை. கோளாறு இருந்ததோ அதற்கு இரண்டு அங்குலம் கீழே, உள்ளங்கையில். இரண்டு மாதமாகத் தைலம் தடவியது முழுக்க நடு மூட்டில்.

“எத்தனாவது கட்டம்?” என்று கேட்டேன். மருத்துவர் நான்காகப் பிரித்துச் சொன்னார். உள்ளங்கையில் வலி மட்டும் இருந்து, சொடுக்கு இல்லையென்றால் முதல் கட்டம். சொடுக்குகிறது, ஆனால் தானாகவே நீட்ட முடிகிறது என்றால் இரண்டாவது. மற்றக் கையால் பிடித்து நீட்ட வேண்டியிருந்தாலோ, அல்லது பூட்டிக்கொள்ளும் என்ற நிலையில் மடக்கவே முடியாமல் போனாலோ மூன்றாவது. பிடித்து இழுத்தாலும் நடு மூட்டு முழுதாக நீளாது என்றால் நான்காவது. சித்தப்பா காலையில் மூன்று, மத்தியானம் இரண்டு.

முதலில் சொன்னது பட்டை கட்டுவது. விரல் அடி மூட்டை மடங்கவிடாமல் நீட்டிய நிலையில் ஆறு வாரம் வைத்திருந்தால், ஆரம்ப நிலையில் பலருக்குச் சரியாகிவிடுகிறது. “ஆறு வாரம் கத்தரி பிடிக்காம இருந்தா கடையை மூடிட வேண்டியதுதான்” என்றார் சித்தப்பா. அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. மரத்துப்போகும் மருந்தோடு கலந்து, புல்லி இருக்கும் இடத்தில் ஒரு மில்லி அளவுக்குப் போடுவார்கள். தசைநாணின் உள்ளேயே மருந்து போய்விடக் கூடாது. அதற்கு ஒரு சின்னச் சோதனை செய்தார்: ஊசியை நுழைத்தபின் விரல் நுனியை லேசாக அசைக்கச் சொன்னார். ஊசியும் கூடவே ஆடினால் அது தசைநாணில் குத்தி நிற்கிறது என்று அர்த்தம். சற்றுப் பின்னால் இழுத்துவிட்டுத்தான் மருந்தைச் செலுத்துவார்கள்.

சித்தப்பாவுக்கு 14 வருடமாகச் சர்க்கரை. அது இங்கே இரண்டு வகையில் குறுக்கே வந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ட்ரிக்கர் விரல் வருவதே மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதுவும் ஒரு விரலோடு நிற்பதில்லை. ஒரு ஊசியிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் குணமாகிவிடுகிறார்கள் என்றாலும், சர்க்கரைக்காரர்களில் அந்த விகிதம் குறைவு. இரண்டாவது விஷயத்தை மருத்துவர் கிளம்பும்போது திரும்பத் திரும்பச் சொன்னார்: “ஒரு அஞ்சு நாளைக்கு சுகர் ஏறும். பயந்துக்காதீங்க, ஆனா தினமும் பாருங்க.” மூன்றாம் நாள் சாப்பிட்ட பின் 310 காட்டியது. இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசி போட்டுவிட்டு அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. அப்படிப் போய்வந்தவர்கள் ‘கைக்கு ஊசி போட்டதில் சுகர் கெட்டுவிட்டது’ என்று மறுபடி அந்தப் பக்கமே போவதில்லை. ஒரு வாரத்தில் சித்தப்பாவுக்குப் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. ஊசி உடனே வேலை செய்யாது. மூன்றாவது வாரம்தான் காலைச் சொடுக்கு நின்றது.

ஐந்து மாதம் கழித்துச் சொடுக்கு திரும்பியது. இன்னொரு ஊசி போடலாம். ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு, ஒருமுறை திரும்பிய பிறகு, அறுவை சிகிச்சைதான் நேர்வழி என்றார் மருத்துவர். ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் கத்தி வைத்தால் சீழ் பிடிக்கும் அபாயம் கூடும் என்பதால் அந்த இடைவெளியையும் சரிபார்த்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை என்றதும் சித்தப்பா கேட்ட கேள்வி, “மயக்கம் கொடுப்பீங்களா?” கொடுக்கவில்லை. உள்ளங்கையில் மட்டும் மரத்துப்போக லிக்னோகெய்ன். ரத்தம் அதிகம் வராமலிருக்க அதில் கொஞ்சம் அட்ரீனலின். விரலுக்கு அட்ரீனலின் போட்டால் விரலே செத்துவிடும் என்று பல தலைமுறை மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லி வந்தார்கள். கனடாவைச் சேர்ந்த டொனால்ட் லலோண்ட் போன்ற கை மருத்துவர்கள், சரியான அளவில் போட்டால் அப்படி நடப்பதில்லை என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் செய்து காட்டிய பிறகுதான் அந்தப் பயம் போனது. இதில் நோயாளிக்குக் கிடைக்கும் லாபம் பெரியது: கையை இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை, அவர் முழு நினைவோடு இருக்கிறார், விரலை அசைக்கச் சொன்னால் அசைப்பார். மருந்து போட்டு அரை மணி நேரம் வெளியே உட்காரவைத்தார்கள். அவசரப்பட்டால் ரத்தக்கசிவு நிற்காது.

வெட்டு ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. தோலையும் கொழுப்பையும் ஒதுக்கினால், வெள்ளையாகப் பளபளக்கும் புல்லி தெரிகிறது. விரலின் நரம்புகள் அதன் இரு ஓரத்திலும் ஓடுகின்றன. கட்டைவிரலில் மட்டும் ஒரு நரம்பு புல்லிக்குக் குறுக்கே சாய்வாகப் போகிறது, ஆகவே அங்கே கூடுதல் ஜாக்கிரதை தேவை. புல்லியை நீளவாக்கில் வெட்டித் திறந்துவிட்டார். எதையும் எடுக்கவில்லை, எதையும் தைத்துச் சேர்க்கவில்லை. “இப்ப மடக்குங்க. நீட்டுங்க. இன்னொரு தடவை.” சொடுக்கு இல்லை. அப்போதும் இருந்திருந்தால் புல்லி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று பொருள். மயக்கத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்க முடியாது. வெட்டுவதற்கு ஓர் எல்லையும் உண்டு. விரலுக்குள் இருக்கும் அடுத்த பெரிய புல்லியையும் சேர்த்து வெட்டிவிட்டால், மடக்கும்போது தசைநாண் வில்லின் நாண்போல எலும்பை விட்டு எழும்பும், பிடி பலம் போய்விடும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு முதல் புல்லியையே வெட்டத் தயங்குவார்கள். அங்கே புல்லியைவிடத் தசைநாணைச் சுற்றியுள்ள உறையின் வீக்கம்தான் குற்றவாளி.

தோலைத் திறக்காமல் தடித்த ஊசி ஒன்றை நுழைத்து, அதன் கூர் முனையாலேயே புல்லியை அறுத்துவிடும் முறையும் இருக்கிறது. நிறைய இடங்களில் செய்கிறார்கள். நரம்பு குறுக்கே போகும் கட்டைவிரலில் அதைத் தவிர்க்கிறவர்கள் பலர். எங்கள் மருத்துவர் கண்ணால் பார்த்து வெட்டுவதையே விரும்பினார்.

அன்றே விரலை அசைக்கச் சொன்னார்கள். 12 நாளில் தையல் பிரித்தார்கள். தழும்பு இரண்டு மாதம்வரை அழுத்தினால் வலித்தது. கத்தரி பிடிக்கும் வளையத்தில் துணி சுற்றி வைத்துக்கொண்டார். வலது கைக் கதை அத்தோடு முடிந்தது.

இடது கைக்கு மருத்துவர் சொன்ன வைத்தியம் நேர்மாறாக இருந்தது: “இப்போதைக்கு ஒண்ணும் செய்யாதீங்க.”

உள்ளங்கைத் தோலுக்கு அடியில் விசிறிபோல விரிந்த ஒரு சவ்வு இருக்கிறது. பொருளை இறுகப் பிடிக்கும்போது உள்ளங்கைத் தோல் வழுக்கி ஓடாமல் பிடித்து வைப்பது அது. புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்குவதுபோல உள்ளங்கைத் தோலைத் தூக்க முடியாததற்கு இதுவே காரணம். டூப்யூட்ரன் நோயில் அந்தச் சவ்வில் புதிய செல்கள் பெருகி, தடித்த நார்ப்பொருளைக் கட்டி, காயம் ஆறும்போது தோல் சுருங்குவதுபோல மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. முதலில் முடிச்சு, தோலில் குழி. பிறகு முடிச்சிலிருந்து விரலை நோக்கி ஒரு கயிறு. கயிறு குறுகக் குறுக விரல் வளைகிறது. மாதங்களில் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம், முடிச்சோடு நின்றுவிடவும் செய்யலாம். அதிகம் அகப்படுவது மோதிர விரலும் சுண்டு விரலும்.

பாரிஸில் ஹோட்டல் தியூ மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராக இருந்த கியோம் டூப்யூட்ரன் 1831இல் இதை விளக்கினார். குற்றம் தோலிலா, தசைநாணிலா, வேறெங்காவதா என்பதுதான் அப்போது கேள்வி. விரல் இப்படிச் சுருங்கியிருந்த ஒரு முதியவர் இறந்தபோது அவர் கையை வாங்கி மேசையில் வைத்து அடுக்கடுக்காகப் பிரித்தார். தோலை உரித்தார், விரல் வளைவு அப்படியே இருந்தது. ஆகவே தோல் இல்லை. சவ்வின் நீட்சிகளை அறுத்தார், விரல்கள் நீண்டுவிட்டன. அடியில் தசைநாண்கள் பழுதில்லாமல் கிடந்தன. அதன்பின் ஒரு திராட்சை மது வியாபாரியின் கையில் அந்தச் சவ்வை அறுத்துச் சரிசெய்தார். லண்டனில் ஹென்றி கிளைன் இதே உண்மையை அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டு சொல்லியிருந்தார். பெயர் என்னவோ பாரிஸ்காரருக்குப் போனது. கடினமாகப் பிடித்து வேலை செய்வதுதான் காரணம் என்று டூப்யூட்ரன் நினைத்தார். இன்றைக்குப் பரம்பரைக்குத்தான் முதலிடம். வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அதிகம். மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்தபோது 1986இல் இதற்காகக் கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த சில மரபணு வகைகள் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள்.

நம் ஊரில் இது அவ்வளவு அதிகமில்லை. பார்க்க நேர்வதில் நிறையப் பேர் சித்தப்பா போலச் சர்க்கரைக்காரர்கள். அவர்களிடம் நோய் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி நின்றால் நம் மருத்துவர்கள் முதலில் வேறொன்றை நினைப்பார்கள்: தொழுநோய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் அறுவை சிகிச்சை செய்து சரிப்படுத்தத் தொடங்கிய நகக்கை இதே இரண்டு விரல்களில்தான் தொடங்கும். குழப்பமில்லாமல் பிரிக்க வழி இருக்கிறது. அதில் நரம்பு பழுதாகியிருப்பதால் சுண்டு விரலில் உணர்ச்சி குறைந்திருக்கும், விரலின் அடி மூட்டு பின்னால் வளைந்து நடு மூட்டு மட்டும் மடங்கியிருக்கும், ஆரம்பத்தில் இன்னொரு கையால் நீட்டினால் நீண்டுகொடுக்கும். டூப்யூட்ரனில் உணர்ச்சி மாறுவதில்லை, அடி மூட்டுதான் முதலில் மடங்கும், பிடித்து இழுத்தால் கயிறு விறைத்துக்கொண்டு நிற்குமே தவிர விரல் வராது. மருத்துவர் சித்தப்பாவின் இடது சுண்டு விரலைப் பஞ்சால் தொட்டுப் பார்த்ததன் அர்த்தம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

பிறகு கோனியோமீட்டரை எடுத்தார். பள்ளிக்கூடக் கோணமானியில் இரண்டு கை முளைத்தது போன்ற ஒரு சின்னக் கருவி. விரலின் ஒவ்வொரு மூட்டும் நேராக நீள எத்தனை டிகிரி குறைகிறது என்று அளந்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் ரவூல் டூபியானா வகுத்த கணக்கு இது. முடிச்சு மட்டும், வளைவில்லை என்றால் கட்ட எண்ணே கிடையாது. கூட்டுத்தொகை 45 வரை முதல் கட்டம், 90 வரை இரண்டாவது, 135 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. சித்தப்பாவுக்கு அடி மூட்டில் 10, நடு மூட்டில் பூஜ்யம். முதல் கட்டத்தின் வாசல்படி.

“இப்பவே எடுத்துட்டா என்னம்மா?” என்று அவர் கேட்டார். கேட்கத் தோன்றுவது இயல்புதான், அதிலும் வலது கையில் அவ்வளவு சுலபமாக முடிந்ததைப் பார்த்தவருக்கு. ஆனால் இங்கே வெட்டுவதே நோயைத் தூண்டிவிடலாம். எடுத்த இடத்தில் மறுபடி கயிறு வளரக்கூடிய நோய் இது. வலியில்லாத, வேலையைத் தடுக்காத முடிச்சுக்காக அந்த ஆபத்தை வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. இழுத்து நீட்டிப் பயிற்சி செய்வதாலோ, ராத்திரி பட்டை கட்டிக்கொள்வதாலோ கயிறு குறுகுவது நிற்பதில்லை. எப்போது வர வேண்டும் என்பதற்கு மருத்துவர் தந்த அடையாளம் எளிமையானது. கையை மேசைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளங்கையும் விரல்களும் முழுக்க மேசையில் படிகிற வரை வர வேண்டாம். படியாவிட்டால் வரலாம். அடி மூட்டு 30 டிகிரியைத் தாண்டினாலோ, நடு மூட்டு கொஞ்சம் வளையத் தொடங்கினாலோ வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு மூட்டுக்கும் ஏன் இரண்டு சட்டம்? அடி மூட்டின் பக்கவாட்டுத் தசைநார்கள் விரல் மடங்கும்போது இழுபட்டு நீளமாகவே இருக்கின்றன. ஆகவே வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்தாலும், கயிற்றை அறுத்ததும் மூட்டு நீண்டுவிடுகிறது. நடு மூட்டு அப்படியல்ல. மடங்கிக் கிடந்தால் மூட்டின் முன்பக்கத் தட்டும் பக்கத் தசைநார்களும் தாமே குறுகி விடுகின்றன. பிறகு கயிற்றை எடுத்தாலும் மூட்டு நீளாது.

சித்தப்பா இதைத் தன் பாணியில் எடுத்துக்கொண்டார். மாதத்தின் முதல் தேதி, வெட்டும் மேசையில் இடது கையைக் கவிழ்த்து, மோதிர விரல் மூட்டுக்கும் மேசைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று இஞ்ச் டேப்பால் அளந்து, அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவார். ஆறு மாதம் பூஜ்யம். பிறகு கால் அங்குலம். ஒன்றரை வருடத்தில் முக்கால் அங்குலம் தாண்டியது. பாக்கெட்டுக்குள் கை விடும்போது விரல் மாட்டிக்கொள்வதாகவும் முகம் கழுவும்போது கண்ணில் குத்துவதாகவும் சொன்னார். மறுபடி தஞ்சாவூர். அடி மூட்டு 40, நடு மூட்டு 10. மொத்தம் 50, இரண்டாம் கட்டம்.

மருத்துவர் இரண்டு வழிகளை முன்வைத்தார். ஒன்று, நோயுற்ற சவ்வை வெட்டி எடுப்பது. கோணல்மாணலாக வெட்டி, கயிற்றை நரம்பிலிருந்தும் ரத்தக் குழாயிலிருந்தும் பிரித்தெடுக்க வேண்டும். சில விரல்களில் கயிறு நரம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, நரம்பை அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து நடுவுக்கு இழுத்து வைத்திருக்கும். கவனிக்காமல் வெட்டினால் விரலின் ஒரு பக்கம் நிரந்தரமாக மரத்துவிடும். கை பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும். இன்னொன்று, ஊசி முனையால் தோலுக்கு அடியில் கயிற்றைப் பல இடங்களில் அறுத்து, விரலை நீட்டிக் கயிற்றை முறித்துவிடுவது. அரை மணி வேலை, ஒரு வாரத்தில் கத்தரி பிடிக்கலாம். ஆனால் திரும்பி வரும். நெதர்லாந்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளியானது. ஐந்து வருட முடிவில் ஊசி முறையில் நூற்றுக்கு 85 பேருக்கும் வெட்டி எடுத்தவர்களில் 21 பேருக்கும் வளைவு திரும்பியிருந்தது. அப்படி இருந்தும், திரும்பினால் மறுபடி ஊசியே போதும் என்று அதைத் தேர்ந்தவர்கள் அந்த ஆய்விலும் பலர். கயிற்றைக் கரைக்கும் கொலாஜனேஸ் நொதி ஊசி அமெரிக்காவில் 2010 முதல் இருக்கிறது. ஐரோப்பாவில் அதைத் தயாரித்த நிறுவனமே 2020இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்களிடம் அது பேச்சோடு சரி.

சித்தப்பாவின் கயிறு உள்ளங்கையில், தனியாக, தடவினால் தெரியும்படி இருந்தது. வளைவும் முக்கியமாக அடி மூட்டில். ஊசி முறைக்கு ஏற்ற கை. அவர் கடைக் கணக்கும் அதையே சொன்னது.

இந்த முறையில் மரத்துப்போகும் மருந்தைத் தோலுக்குள் மட்டும், மிகக் கொஞ்சமாகப் போட்டார்கள். கஞ்சத்தனத்துக்குக் காரணம் உண்டு: விரல் நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். “ஊசி போகும்போது விரல் நுனிக்கு ‘சுரீர்’னு கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க” என்றார் மருத்துவர். அதுதான் நரம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்பதற்கான எச்சரிக்கை. ஒருமுறை சித்தப்பா “ஆ” என்றார். ஊசி வெளியே வந்து, அரை சென்டிமீட்டர் தள்ளி நுழைந்தது. ஊசி கயிற்றை அறுக்கும்போது மணலில் கீறுவது போன்ற ஒரு சத்தம் எனக்கே கேட்டது. மூன்று இடத்தில் அறுத்தபின் மருத்துவர் விரலைப் பிடித்து மெல்ல நீட்டினார். பச்சைக் குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். தோலில் குழி இருந்த இடத்தில் சின்னதாகக் கிழிந்தது. இறுகிய தோலில் இது நடப்பதுதான், தானே ஆறும் என்றார். பத்து நாளில் ஆறியது. அடி மூட்டு 0, நடு மூட்டு 5.

கையைக் கவிழ்த்து மேசையில் வைத்துப் பார்த்தார் சித்தப்பா. படிந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, “வலது கையைச் சீக்கிரம் காட்டலைன்னு திட்டினாங்க, இடது கையைச் சீக்கிரம் காட்டிட்டேன்னு அனுப்பி வெச்சாங்க” என்றார்.

மாத அளவை அவர் நிறுத்தவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினொரு பூஜ்யங்கள் வரிசையாக இருக்கின்றன. பன்னிரண்டாவதாக, போன மாதம், பென்சிலால் எழுதியிருந்தார்: ⅛. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. போனில் சொன்னேன். முக்கால் ஆகட்டும், பார்க்கலாம் என்றார் மருத்துவர்.